பாலத்து இறக்கத்தில் ஐம்பத்திரண்டு

வெள்ளானூர் செங்கல்வராயனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, "இவன் எதுக்கு நம்மளக் கூப்புடறான்?" என்பார். அப்படிப்பட்ட மனுஷர், ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியின் மஞ்சள் பஸ்ஸைப் பதினோரு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிவந்தார். அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு திங்கட்கிழமை, பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஸ்ரீகாந்த் அவரிடம் ஒரு தாளை நீட்டினார். பஸ்ஸில் புதிதாகப் பொருத்திய ஜிபிஎஸ் பெட்டி அனுப்பிய பதிவு அது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் பூட்டப்பட்ட வண்டி, போன வாரம் நாலு நாள் மாலை ட்ரிப்பில் ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒரு நாள் ஐம்பத்திரண்டு.

"கருவியில கை வச்சீங்களாண்ணே? சீல் அறுந்திருந்தா வேலை போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

செங்கல்வராயனுக்கு ரத்தம் கொதித்தது. "நானா? கை வைக்கறவன் மூஞ்சா சார் இது? உங்க டப்பா பொய் சொல்லுது."

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஸ்ரீகாந்தின் மைத்துனன் ஹெவி லைசென்ஸ் வாங்கி வேலை தேடுவது அவருக்குத் தெரியும். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா பேபி போன வாரம் முழுக்க போனும் கையுமாக இருந்ததும் ஞாபகம் வந்தது. எல்லாரும் சேர்ந்து குழி பறிக்கிறார்கள் என்றே முடிவு கட்டினார்.

மறுநாள் கருவி பொருத்திய கம்பெனியின் மெக்கானிக் பாண்டியன் வந்து பார்த்தான். சீல் போட்டபடி இருந்தது, வயரில் ஒரு வெட்டும் இல்லை. ஜிபிஎஸ் பெட்டிக்குப் போகும் பேட்டரி இணைப்பையும் யாரும் பிடுங்கவில்லை; பிடுங்கியிருந்தால் அந்த நேரமும் பதிவாகியிருக்கும்.

"பாத்தியா சார்!" என்று செங்கல்வராயன் முற்றமே அதிரக் கத்தினார். "நான் யோக்கியன். டப்பாதான் ஃபிராடு."

ஸ்ரீகாந்த் தாளை மறுபடி பார்த்தார். "நாலு தடவையும் ஒரே இடம்ணே. ரயில்வே மேம்பாலத்து இறக்கம். அஞ்சாவது நாள் நீங்க லீவு, மாத்து டிரைவர் கங்காதரன் ஓட்டினான். அன்னிக்கு முப்பத்தெட்டுதான் காட்டுது."

"அப்போ வா சார், நீயே வந்து பாரு. ஏமாந்தவன் தலையில மொளகா அரைக்கலாம்னு நெனைக்காதே."

பிள்ளைகள் இல்லாத காலி பஸ்ஸில் கிளம்பினார்கள். ஸ்ரீகாந்த் முன் இருக்கையில் போனில் வேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். பேபி அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாலம் ஏறும்வரை நாற்பதைத் தொடவில்லை. உச்சியைத் தாண்டியதும் நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு, ஐம்பத்தொன்று.

"ஆக்ஸிலேட்டர்ல காலே இல்ல சார், பாரு, பாரு!" என்று காலைத் தூக்கிக் காட்டினார் செங்கல்வராயன்.

பேபிதான் மெல்லச் சொன்னாள். "அண்ணாத்தே, கியர் நியூட்ரல்ல கீது."

அவர் குனிந்து பார்த்தார். அவர் கைதான் தள்ளியிருந்தது. லாரி ஓட்டிய நாளில் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கமெல்லாம் நியூட்ரலில் விட்டுப் பழகிய கை. கருவி இன்ஜினுக்குப் போகும் டீசலைத்தான் மட்டுப்படுத்தும், பிரேக் பிடிக்காது. கியரில் இருந்தால் இன்ஜினாவது வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பாரம் தானாக உருளும். நாற்பதுக்கு மேல் போகவே போகாது என்ற தைரியத்தில் அவர் அந்த இடத்தில் வேகம் காட்டும் முள்ளையும் பார்ப்பதில்லை. பெட்டிக்கு கியரும் தெரியாது, காலும் தெரியாது. வண்டி எங்கே, எப்போது, எவ்வளவு வேகம் என்பதை மட்டும் அது எழுதி வைத்திருந்தது.

பிரேக்கை மிதித்து, கியர் போட்டு, பாலத்தடியில் ஓரங்கட்டினார். தினமும் நாற்பத்தாறு பிள்ளைகள் அந்த இறக்கத்தில் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வருவது நினைவுக்கு வந்ததும் அவர் திரும்பிக் காலி இருக்கைகளைப் பார்த்தார்.

ஸ்ரீகாந்த் தொண்டையைக் கனைத்தார். "ஜிபிஎஸ் கோளாறுன்னு எழுதிடட்டுமாண்ணே? வேலை போகாது."

பழக்கதோஷம், இவன் எதுக்கு உதவுறான் என்றே முதலில் நினைத்தார். பிறகு தலையாட்டி மறுத்தார்.

"வாணாம் சார். டப்பா உண்மையத்தான் சொல்லிச்சு. நான்தான் நியூட்ரல்ல உட்டேன்னு எழுது."

இரண்டு மாதம் வண்டியிலிருந்து இறக்கி வைத்தார்கள்; பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த முதல் மாலை, பாலத்து உச்சியில், பேபியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எம்மா, இறங்கற வரைக்கும் எங் கைய பாத்துகினே இரு. எனக்கு அதும்மேல நம்பிக்க இல்ல."