பேரம் படியாத விலை

யட்டியாந்தோட்டையில் சிறு தோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலைக் கொழுந்து வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கும் ஒரு முதலாளியின் கடைக்கு, பிரிண்டர் பழுது பார்க்கப் போயிருந்தேன். அங்கே கணக்கெழுதும் அக்கா, எக்செலில் இருந்த கிலோக்களைக் கால்குலேட்டரில் கூட்டி, விடையைத் திரும்ப எக்செலிலேயே தட்டிக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் இப்படித்தான் ரிப்போர்ட் போடுவாராம். எனக்குப் பொறுக்கவில்லை.

“தினமும் கிலோவ மட்டும் அடிங்க. ஒரு பட்டன அமுக்குனா எல்லா ரிப்போர்ட்டும் வந்துடும்,” என்று முதலாளியிடம் சொன்னேன். என்னென்ன செய்வேன் என்று ஒரு தாளில் எழுதி, எத்தனை நாள் இழுத்தாலும் இதுதான் என்று ஒரே விலையும் போட்டேன்.

அவர் பாதிக்குக் கேட்டார். நான் மறுத்தேன்.

“குறைக்கவும் மாட்டீங்க, பிறகு கூட்டிக் கேக்கவும் மாட்டீங்களா?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒங்கள யாரு அனுப்புனது? ஃபேக்டரியா?”

கோபத்தில் கிளம்பிவிட்டேன். அக்காதான் அவரிடம் பேசி என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

செய்து கொடுத்தேன். அடுத்த மாதக் கடைசியில் போனால், பட்டனை அமுக்கி எடுத்த ரிப்போர்ட்டுகளை அக்கா வரி வரியாகக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் உத்தரவாம்.

“ஏதாவது பிழை இருந்துச்சா?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

“ஒண்ணுகூட இல்ல தம்பி,” என்றார் முதலாளி. “அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”