மன்னிப்பு அக்கா அனுப்பிய அழைப்பு

எங்கள் பம்பு கம்பெனியில் அவருக்கு மன்னிப்பு அக்கா என்று பெயர். சரக்கு தாமதமானால் வாடிக்கையாளருக்கு வருத்தம் தெரிவித்து மெயில் எழுதுவது அவர் வேலை. சொதப்புவது நாங்கள், திட்டு வாங்குவது அவர். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கே சில நாள் பற்றிக்கொண்டு வரும்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், எங்கள் பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் தலைவரை அழைக்கப் போவதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனுஷனை இங்கே யாரும் பார்த்ததில்லை. மெயிலில் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார். போதாததற்கு, எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முடிவு அப்போது அவர் கையில் இருந்தது.

"இந்த நேரத்துல கூப்பிட்டா காக்கா பிடிக்கிறோம்னு நினைப்பாரு. ஒப்பந்தம் போச்சுன்னா நம்ம எல்லார் பொழப்பும் போச்சு," என்று மேனேஜர் குதித்தார்.

"அதையும் மெயில்லயே எழுதிடறேன் சார். படிச்சுட்டுச் சொல்லுங்க."

மேனேஜர் படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'பொருள்: என் மகளின் திருமணம் - தனிப்பட்ட அழைப்பு' என்று தொடங்கியது.

'மதிப்பிற்குரிய ஐயா, பல வருடங்களுக்கு முன்பு ஒருமுறை உங்கள் சரக்கை அனுப்பச் சொல்ல மறந்தேன். மகளுக்குக் கடும் காய்ச்சல், ஆனாலும் மறந்தது என் தவறுதான் என்று எழுதினேன். "முதலில் குழந்தையைப் பாருங்கள், சரக்கு பிறகு வரட்டும்" என்று பதில் அனுப்பினீர்கள். அந்தக் குழந்தைக்குத்தான் திருமணம். நாள், நேரம், இடம் கீழே உள்ளன. இதற்கும் ஒப்பந்தத்திற்கும் தொடர்பில்லை. வருவது உங்களுக்குச் சங்கடம் என்றால் மனதார வாழ்த்தினாலே போதும். பரிசு எதுவும் வேண்டாம்.'

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுப்புங்கம்மா," என்றார்.

அனுப்பிய பிறகுதான் அக்கா தலையில் கை வைத்தார். அவருடைய எல்லா மெயிலின் அடியிலும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரி இதிலும் ஒட்டியிருந்தது: 'தாமதத்திற்கு மிகவும் வருந்துகிறோம்.' எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் பதில் வந்தது. 'தாமதம் ஏதுமில்லை. விதிப்படி இந்த அழைப்பை எங்கள் நிர்வாகத்திடம் தெரிவித்து அனுமதி கேட்டிருக்கிறேன்.' வழக்கம்போல இரண்டே வரி. வருவாரா மாட்டாரா என்று அதில் இல்லை. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கல்யாணம் வரைக்கும் அக்கா மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

கல்யாணத்தன்று, வாழ்த்தச் சென்றவர்களின் வரிசையில் கடைசியாக ஒரு பெரியவர் நின்றார். சாதாரணச் சட்டை, வெறுங்கை. மாப்பிள்ளை வீட்டாராக இருக்கும் என்று நினைத்து நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். எத்தனையோ கம்பெனிகளை ஒரு கையெழுத்தில் ஆட்டிவைப்பவர் அவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேடையேறியவர் மணப்பெண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"காய்ச்சல் விட்டுடுச்சாம்மா?"

பெண் விழித்தாள். பக்கத்தில் நின்ற அக்காவோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, மன்னிப்பாகவே எழுதிப் பழகிய அந்தக் கைகளைக் கூப்பினார்.