சொல்லக் கூடாத சொல்

வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவினால் முதலில் இனிப்பு வரும், அது போன பிறகு அடிநாக்கில் ஒரு காரமும் கசப்பும் வந்து உட்கார்ந்துகொண்டு மத்தியானம் வரை இறங்காது. எனக்குப் பதினொரு வயது ஆகும்வரை அந்தக் கசப்போடுதான் பாதி நாட்கள் பள்ளிக்குப் போனேன். எனக்குத் திக்குவாய். ‘ப’, ‘க’, ‘ம’ என்று தொடங்கும் சொற்கள் உதட்டுக்கும் தொண்டைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். என் பெயரோ பாஸ்கல். “நாக்குக்கு வசம்பு, மனசுக்கு மாதா” என்பாள் அம்மா. இரண்டையும் அவள் விடவில்லை.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒரு வைத்தியத்தை நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். வராத சொல்லைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போய்விடுவது. பேக்கரியில் முட்டையும் முந்திரியும் சேர்த்துச் சுடும் மக்ரூன் வாங்க வேண்டுமென்றால் “அண்ணாச்சி, அந்த முந்திரி…” என்று தொடங்க முடியாது, அதுவும் ‘ம’ வகையறாதான். ஆகவே “அந்த வெள்ளையா, உச்சி கூரா இருக்குமே, அதுல நூறு” என்பேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டுவார். சுற்று வழியும் அடைபட்ட இடத்தில் என் அண்ணன் டெனிஸ் இருப்பான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் திணறத் தொடங்கியதுமே மீதியை அவன் சொல்லி முடித்துவிடுவான். அன்பாகத்தான் செய்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் என் தட்டிலிருந்து யாரோ எடுத்துச் சாப்பிட்டதைப் போல இருக்கும்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு ரிஸ்வான் என் வகுப்பு. அவன் அக்கா ஆயிஷா கல்லூரியில் படித்தாள், நாங்கள் எல்லோரும் அவளை “ராத்தா” என்போம். ஒரு கோடை விடுமுறையில் அவர்களுடைய வாப்பா துபாயிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். அட்டைகள் எல்லாம் ஆங்கிலத்தில். ராத்தா அவற்றை ஒதுக்கிவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் தமிழில் எழுதினாள். மேலே ஒரு சொல், அதன் கீழே சிவப்பு மையில் ஐந்து சொற்கள். மேலே உள்ளதை நம் அணிக்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நாம் அதையும் சொல்லக் கூடாது, சிவப்பு ஐந்தையும் சொல்லக் கூடாது. அவற்றின் ஒரு துண்டுகூட வாயில் வரக் கூடாது. கைச்சாடை இல்லை, அதையே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது இல்லை, ‘இந்த எழுத்தில் தொடங்கும்’ என்பதும் இல்லை. ஒரு நிமிடத்து மணற்குடுவை இறங்கி முடிவதற்குள் எத்தனை அட்டை முடிகிறதோ அத்தனையும் நமக்கு. தவறிச் சொன்னாலோ, முடியாது என்று தாண்டினாலோ அந்த அட்டை எதிரணிக்கு. தவறைப் பிடிக்க எதிரணி ஆள் ஒருவர் நம் தோளுக்குப் பின்னால் அட்டையைப் பார்த்தபடி சைக்கிள் மணியோடு உட்கார்ந்திருப்பார்.

முதல் வாரம் முழுக்க எனக்கு மணற்குடுவையைத் திருப்பும் வேலைதான். யாரும் ஒதுக்கவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது. கடகடவென்று பேசுகிற ரிஸ்வான், சொல்ல வேண்டிய சொல் வாய்வரை வந்தும் சொல்ல முடியாமல் கண்ணை உருட்டினான். இவர்களுக்கு ஒரு நிமிடம் நடப்பது எனக்கு நாள் முழுக்க நடப்பதல்லவா?

மறு வாரம் ரிஸ்வான் அணியில் ஒருவன் ஊருக்குப் போய்விட, “ஏலே, நீ வா” என்று என்னை இழுத்தார்கள். நான், ரிஸ்வான், மாடிவீட்டுச் சித்ரா ஒரு பக்கம். ராத்தா, டெனிஸ், டெனிஸின் கூட்டாளி ஒருவன் மறுபக்கம். கடைசிச் சுற்று என்னுடையது. இரண்டு அட்டை பின்தங்கியிருந்தோம். மூன்று எடுத்தால் வெற்றி. என் தோளுக்குப் பின்னால் மணியோடு வந்து உட்கார்ந்தவன் டெனிஸ்.

முதல் அட்டை உப்பு. கடல், அளம், வெள்ளை, சமையல், கரிப்பு எதுவும் கூடாது. “இது இல்லைன்னா அப்பா தட்டைத் தள்ளி வச்சிருவாங்க” என்றேன். “குழம்பு! புளி!” என்று கத்தினார்கள். எத்தனை தப்பாகச் சொன்னாலும் குற்றமில்லை, தப்பிலிருந்தும் வழி கிடைக்கும். “திருஷ்டி சுத்தி அடுப்புல எறிவாங்க, வெடிக்கும்.” “மிளகாய்!” “அதோட சேர்ந்த இன்னொண்ணு.” “உப்பு!” என்றாள் சித்ரா.

இரண்டாவது அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மக்ரூன். முட்டை, முந்திரி, சீனி, பேக்கரி, வெள்ளை கூடாது. “உச்சி கூரா, அடி அகலமா இருக்கும். வாயில வச்சதும் தொலைஞ்சிரும்” என்றதுமே ரிஸ்வான் சொல்லிவிட்டான். நான் பாதியில் விட்டதை அவர்கள் முடித்தார்கள். இந்த ஆட்டத்தில் அதுதான் விதி என்பதால் எனக்கு வலிக்கவே இல்லை.

மூன்றாவது கப்பல். கடல், துறைமுகம், படகு, சரக்கு, நங்கூரம் என எல்லாச் சந்துகளையும் ராத்தா அடைத்திருந்தாள். ஒரு வழிதான் தெரிந்தது. “அப்பா இதுல இருந்துதான் எடுப்பாங்க, கி… கி…” மணல் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு இழுத்தது.

“கிரேன்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டெனிஸ்தான். மணியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரணிக்காரன், பழக்கதோஷத்தில் எனக்காகச் சொல்லிவிட்டான். “கப்பல்!” என்று ரிஸ்வான் துள்ளினான். “ஏலே, நீ எந்தப் பக்கம்ல?” என்று டெனிஸின் கூட்டாளி அவன் முதுகில் ஒன்று வைத்தான். ராத்தா மணற்குடுவையைப் படுக்கவைத்து நேரத்தை நிறுத்தினாள். “பாஸ்கலா சொன்னான்? நம்ம ஆள்தானே சொன்னான். அட்டை உங்களுக்கே” என்றாள்.

வெற்றி. ரிஸ்வான் குதித்தான். எனக்கு மட்டும் தொண்டையில் அந்தச் சொல் இன்னும் நின்றது.

“வேண்டாம் ராத்தா. வேற அட்டை தாங்க” என்றேன். பிறகு திரும்பி, “நீ சொல்லாத. நா… நானே சொல்லுதேன்” என்றேன். டெனிஸ் என்னைப் பார்த்தான். முகம் சிவந்தது. மணியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டான். ரிஸ்வான் தலையில் அடித்துக்கொண்டான்.

கப்பல் அட்டையை யாருக்கும் இல்லாமல் ராத்தா ஒதுக்கி வைத்தாள். குடுவை நிமிர்ந்தது. கொஞ்சம் மணல்தான் மீதி. அட்டையில் மழை. மேகம், குடை, தண்ணீர், இடி, நனைதல் கூடாது. சித்ராவின் தாத்தாவுக்கு ஏரல் பக்கம் நெல்வயல். குடியிருப்பைத் தாண்டினால் உப்பளம். மிகச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்தது, ஆனால் அது ‘ப’வில் தொடங்கியது. சுற்றிப் போக இன்னொரு வழியும் இருந்தது. நான் அதைத் தேடவில்லை.

“ப… ப… ப…”

மணல் முடிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. டெனிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என் பிடரியில் தெரிந்தது.

“ப… பயிருக்கு வேணும், அளத்துக்கு ஆகாது.”

“மழை!” என்றாள் சித்ரா.

“சரிதான். ஆனா நேரம் முடிஞ்சிட்டு, கணக்குல வராது” என்றாள் ராத்தா. சமனில் முடிந்தது. மறுநாள் அணி பிரித்தபோது ரிஸ்வான் முதலில் என் சட்டையைத்தான் பிடித்தான், “பாஸ்கல் எங்க பக்கம்” என்று.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. ராத்தாவின் அட்டைகள் எந்த மழையில் ஊறிப்போயினவோ தெரியாது. நானும் துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறேன், தொலைபேசியில் நாள் முழுக்கப் பேசுகிற வேலை. திக்குவாய் போகவில்லை, குறைந்திருக்கிறது. டெனிஸ் மஸ்கட்டில் இருக்கிறான், வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவான். பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி எங்கேயாவது நான் மாட்டிக்கொண்டால், அந்தப் பக்கம் அவன் ஊர்ச் சாலையின் இரைச்சல் மட்டும் கேட்கும். நான் சொல்லி முடிக்கும்வரை அவன் ஒன்றும் சொல்வதில்லை.