வெறும் வயிற்றில் ஒரு டீ

கட்டபெட்டு மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தைராய்டு மாத்திரைச் சீட்டுடன் வந்தார். டாக்டர் மூன்றாம் முறையாக அளவைக் கூட்டியிருந்தார். சோர்வு மட்டும் விடவில்லை. மேடேற முடியாமல் வேலை போய்விடுமோ என்று அக்கா பயந்தார்.

"வெறும் வயித்துலதானுங்க்கா போடறீங்க?"

"ஆமாங்க. டீயோட முழுங்கிடுவேன்."

இந்த மலையில் டீயை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? போன முறை மாத்திரை உறையில் 'சாப்பாட்டுக்கு முன்' என்று அழகாக எழுதித்தந்த மேதை நான்தான். டீ அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது, தண்ணீரில் விழுங்கி ஒரு மணி நேரம் பொறுங்கள் என்றேன்.

"மூட்டுவலி மாத்திரையும் டீயோடதானுங்க. சாப்பிட்டப்புறம்னுதான எழுதியிருக்கு?"

"அதுக்கு இட்லியாச்சும் வேணுங்க்கா. இல்லாட்டி வயிறு புண்ணாயிரும்."

"தைராய்டுக்கு டீ சாப்பாடு, மூட்டுவலிக்கு இல்லீங்களா? நல்ல படிப்புங்க."

டீ விஷயத்தைச் சொல்லச் சொல்லி டாக்டரிடமே அனுப்பினேன். அவர் கூட்டியதைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் அக்கா மேடேறினார்.