பதினொரு கூட்டல் ஒன்றுகள்

அம்மா வேலை நேரத்தில் எனக்குப் போன் செய்ய மாட்டார். அந்தப் புதன்கிழமை காலை எட்டரைக்குச் செய்தார்.

"பாப்பா, பதினாலாம் நம்பர் மலைல நிக்கிறோம். மருந்து வாட குப்புன்னு அடிக்குது. கண்ணு எரியுதுடி."

"அது தெறந்த மலைம்மா. ஸ்க்ரீன்ல பச்சையா இருக்கு."

"உன் ஸ்க்ரீனுக்கு மூக்கு இருக்கா? எல இன்னும் ஈரமா இருக்கு, கையெல்லாம் பிசுபிசுங்குது. உள்ள ஆறு பேரு இருக்கோம்."

"வெளிய வாங்க. எல்லாரும் உடனே வெளிய வாங்க!" என்று கத்தினேன். எஸ்டேட் ஆபீசில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை.

அந்தப் பச்சை நிறம் என்னுடையது. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தோட்டப் பகுதிகளை மலை என்போம்; எந்த மலையில் இன்று வேலை செய்யலாம், எது மூடியிருக்கிறது என்று காட்டும் செயலியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பூச்சிமருந்து அடித்த நாளும் அதற்கு அடுத்த நாளும் மலை சிவப்பாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் பச்சையாகும். பச்சையைப் பார்த்துத்தான், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டில், அன்றைய வேலையைச் செயலியில் பதிந்து ஆட்களைப் பிரித்து அனுப்புவார்கள். அம்மா களை எடுக்கும் கேங்கில் இருக்கிறார். செடிகளுக்கு அடியில் குனிந்தே செய்யும் வேலை அது. முகம் இலைக்குள் இருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதன்பின் ஈப்போவில் கணினி படித்துவிட்டு, என் அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டின் ஆபீசுக்கே வேலைக்கு வந்தேன். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. செயலியை எழுதியவர் எனக்கு முன்பு இருந்த ஒருவர். நான் வருவதற்குள் கோலாலம்பூருக்குப் போய்விட்டார். அவர் எழுதியதைத் திறந்து பார்த்த முதல் வாரமே மேனேஜரிடம் சொன்னேன்: "சார், இது குப்ப. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதணும்."

"இப்ப ஓடுதா இல்லையா?" என்றார்.

"ஓடுது."

"அப்ப ஓடட்டும்லா."

ஓடியது. ஆனால் அது சாய்ந்திருந்த லைப்ரரிகள், அதாவது பிறர் எழுதி வைத்து நாங்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்கள், ஒவ்வொன்றாகப் பழசாகின. தேதிகளைக் கணக்கிடும் லைப்ரரியை எழுதியவர்களே அதைக் கைவிட்டு, வேறொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் எச்சரிக்கை வரும். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் என்று தள்ளினேன். இரண்டு வருடம் தள்ளியதை ஒரே வாரத்தில் செய்தேன். அதோடு விடாமல், கண்ணில் பட்ட அழுக்கையெல்லாம் சேர்த்தே துடைத்தேன்.

பழைய லைப்ரரி மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு ஜனவரி என்றால் பூஜ்யம். அதனால் மாதம் வரும் இடமெல்லாம் அவர் 'கூட்டல் ஒன்று' போட்டிருந்தார். புதிய லைப்ரரி ஒன்றிலிருந்தே எண்ணும். கூட்டல் ஒன்றுகள் இனி வேண்டாம். தேடினேன். பதினொன்று கிடைத்தன. பதினொன்றையும் எடுத்துவிட்டு, நாலைந்து திரைகளைத் தட்டிப் பார்த்தேன். தேதிகள் சரியாகவே இருந்தன. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி அம்மாவிடம், "பெரிய வேல ஒண்ணு முடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை அம்மாவின் போனை வைத்ததும் முதலில் பழைய பதிப்பையே திரும்ப ஏற்றினேன். காரணம் அப்புறம். இரண்டு நிமிடம் ஆனது. பக்கத்தைப் புதுப்பித்தேன். பதினாலாம் நம்பர் சிவப்பானது. நேற்று வரை, நான் குப்பை என்று சொன்ன அந்த நிரல்தான் என் அம்மாவை அந்த மலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்திருக்கிறது.

இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பத்து இடங்களில் அந்த ஒன்று மாதத்தோடு சேர்ந்தது. பதினோராவது இடத்தில் அது நாளோடு சேர்ந்திருந்தது. மருந்து அடித்த நாள், கூட்டல் இரண்டு, கூட்டல் ஒன்று. நான் அதை எடுத்ததும் மலை ஒரு நாள் முன்னதாகவே பச்சையாகிவிட்டது. அந்த ஒன்று ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வரி எப்போது வந்தது என்று பழைய மாற்றங்களின் பட்டியலில் தேடினேன். 'சரிசெய்தது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

மருந்து கேங்கின் கங்காணி ஸ்டோர் வாசலில் பம்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ண்ணே, பதினாலுக்குத் திங்கக்கெழம மருந்து அடிச்சீங்கன்னு போட்டிருக்கு."

"திங்கக்கெழம பெரட்டுல போட்டேன்."

"அடிச்சீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஊர்லதான பொறந்த? பதினோரு மணிக்கே மழ கொட்டிருச்சு. மழையில மருந்து அடிச்சா மண்ணுக்குத்தான் போவும். நேத்து மத்தியானந்தான் அடிச்சு முடிச்சோம்."

"அப்ப அத மாத்திப் போடலியா?"

"பெரட்டுல போட்டது போட்டதுதான். எப்பவும் அப்படித்தான். மழ வந்தா ஒரு நாள் தள்ளும்னு ஒனக்கு முன்னால இருந்த தம்பிகிட்டச் சொல்லியிருக்கேனே. அதுக்கு ஒரு நாள் சேத்து வச்சிட்டேன்னு சொன்னிச்சே." பம்பைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். "அது ஸ்டோருக்கு வந்து கேக்கும். நீ வந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பெரட்டில் எழுதுவது நடக்கப்போவது, நடந்தது அல்ல. பிறந்ததிலிருந்து அந்தப் பெரட்டின் சத்தத்தில்தான் கண் விழித்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆறு பேரையும் லோரியில் தானா ராத்தா டவுன் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். சோப்புப் போட்டு முகம், கையெல்லாம் கழுவச் சொல்லி, கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். அம்மாவின் கண்கள் மிளகாய்ப்பழம்போலச் சிவந்திருந்தன. சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பயமில்லை என்று அனுப்பினார்கள்.

"நான்தாம்மா செஞ்சேன்" என்றேன்.

கூட வந்திருந்த அக்கா ஒருவர், "இதுக்குத்தான் ஒங்கம்மா மக இன்ஜினீயர்னு லைன் வீடு பூரா சொல்லிட்டுத் திரியுதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஈரத் துண்டைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீ அப்பவே சொன்ன. புதுசா எழுதிடு. எவ்வளவு நாள் வேணும்?" என்றார்.

இரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது.

"வேணாம் சார்."

"ஏன்?"

"இன்னும் எத்தன மழ அதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. புதுசா எழுதுனா எல்லாத்தையும் ஒரேயடியா விட்டுருவேன்."

மருந்துப் பகுதியை மட்டும் எழுதுகிறேன் என்றேன். அடித்து முடித்ததும் கங்காணி அங்கேயே அழுத்த ஒரு பொத்தான். அழுத்தாதவரை மலை மூடியே இருக்கும். மழைக்காலம் முடியும் வரை பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால்தான் பச்சை. லைப்ரரியை மறுபடி மாற்றுவேன், ஆனால் அதைத் தனியாக, வேறு எதையும் தொடாமல். அதற்கு முன், தெரிந்த ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனை எழுதி வைப்பேன். முதல் சோதனையை அன்றே எழுதினேன்: திங்கள் பெரட்டில் பதிந்தால், புதன் சிவப்பு. அந்தப் பதினோராவது ஒன்றுக்கு 'மழைநாள்' என்று பெயர் வைத்து, அதன் மேலே கங்காணி சொன்னதை அப்படியே எழுதினேன்.

அடுத்த திங்கட்கிழமை பெரட்டுக்கு நானும் போனேன். பனி இன்னும் விலகவில்லை. கணக்கெழுதும் கிராணி போனைப் பார்த்து, "களைக்குப் பதினாலு. பச்ச" என்றார். ஆறு பேரும் நகரவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல், யாரையோ கேட்பதுபோல, "போலாமா?" என்று கேட்டார்.

நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். மலைக்குப் போனதும் முதல் வரிசைச் செடிக்குள் கையை விட்டு ஓர் இலையைத் தேய்த்து முகர்ந்தேன். பனியும் பச்சிலையும்தான் மணத்தன. அம்மா என் கையை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து களையைப் பிடுங்கத் தொடங்கினார்.