எட்டிலிருந்து ஒன்பதுக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். அதனால் ஜாதகத்தில் பன்னிரண்டு வீடு என்றால் எனக்கு எப்போதும் லயம்தான் ஞாபகம் வரும். முதல் வீடு லக்னம், அதாவது நான்: உடம்பு, உயிர், குணம். இரண்டாம் வீடு குடும்பமும் வாக்கும் கையில் தங்கும் பணமும். மூன்று துணிச்சல், இளைய சகோதரம். நான்கு தாய், வீடு, படிப்பு. ஐந்து பிள்ளைகள், பூர்வ புண்ணியம். ஆறு நோய், கடன், பகை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை ஜோசியர் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஏழு கணவன். எட்டு ஆயுள், பெண்ணாகப் பிறந்தவளுக்கு மாங்கல்யமும் அங்கேதான். ஒன்பது அப்பா, பாக்கியம். பத்து தொழில். பதினொன்று லாபம், மூத்த சகோதரம். பன்னிரண்டு செலவு, தூக்கம், கடைசியில் மோட்சம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று மாப்பிள்ளை வீட்டார் என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். மூன்று தடவை கேட்டால் மாட்டுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும்.

என் ஜாதகத்தில் ஐந்து கிரகம் ஒரே கட்டத்தில், ரிஷபத்தில், நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ரத்தத்துக்கும் மண்ணுக்கும் சகோதரத்துக்கும் உரிய செவ்வாய், ஆயுளுக்கும் உழைப்புக்கும் உரிய சனி, தாம்பத்தியத்துக்குச் சுக்கிரன், புத்திக்கும் மாமனுக்கும் புதன், அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு ராகு. அம்மாவைப் பெற்ற தாத்தாவான கேது எதிரே விருச்சிகத்தில். மனசும் தாயுமான சந்திரன் மகரத்தில். அப்பாவைக் குறிக்கும் சூரியன் மேஷத்தில் உச்சம். பிள்ளைக்கும் செல்வத்துக்கும் உரிய குரு மிதுனத்தில். 'ல' என்று லக்னத்தைக் குறித்திருந்தது துலாத்தில். துலாத்திலிருந்து எண்ணினால் ரிஷபம் எட்டு.

எட்டில் செவ்வாய், கூடவே சனி, ராகு. அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். "பையன் உசுருக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்துபோவார்கள்.

அப்பா மட்டும் அந்த ஜாதகக் கொப்பியை வேறு மாதிரிப் படித்தார். துலாத்திலிருந்து மிதுனம் ஒன்பது. "ஒன்பதுல குரு இருக்காரு. அப்பனுக்கு நூறு வயசுன்னு எழுதியிருக்கு. நான் கெழவனாகி இவ கையால கஞ்சி குடிச்சிட்டுத்தான் போவேன், பாருங்க" என்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பொண்ணு எட்டப் பாருங்கன்னா, இந்த மனுசன் தன் ஒன்பதப் பாக்குறாரு."

இரண்டு வருடத்துக்கு முன்பு மலையில் மருந்தடிக்கப் போன அப்பாவைக் குளவி கொட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று நான் அழுதேனா என்று எனக்கு ஞாபகமில்லை. காலில் செருப்பில்லாமல் வீதியில் நின்றது ஞாபகமிருக்கிறது. ஒன்பதில் குரு என்ன ஆனார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

நான்காவதாக வந்தவர் ஜோசியர் மூலம் வரவில்லை. கொட்டகலையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். நான் பாலர் பாடசாலைக்குப் போக பஸ் பிடிக்கும் இடத்துக்கு எதிரில்தான் அந்தக் கடை. ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய அம்மா கந்தப்பளையிலிருந்து வந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் ஒரே மகன். "பொருத்தம் இருந்தா நாளைக்கே தட்டு மாத்திக்கலாம். இல்லாட்டி எம் மகன விட்டுடும்மா" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் ஏதோ மரத்துப்போயிருந்தது. கொப்பியைத் திறந்தால் இதுவும் போய்விடும் என்று மட்டும் தெரிந்தது.

ஜோசியர் பஸாரில் மாடியறை ஒன்றில் இருந்தார். நானும் அம்மாவும் ஒரு பக்கம், அந்த அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்தோம். அவர் கொப்பியைப் பார்த்தார், கட்டத்தில் விரல் வைத்து எண்ணினார், எட்டில் நின்றார். சரி, முடிந்தது என்று நினைத்து நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"பிள்ள பொறந்தது சித்திரை மாசம், சாயங்காலம் அஞ்சு இருவது. இது புது நேரமா, பழைய நேரமாம்மா?"

அம்மா விழித்தாள். "ஆஸ்பத்திரி மணிக்கூட்டப் பாத்து நர்ஸ் நோனா எழுதுனதுங்க."

"அப்ப புது நேரம். அந்தக் காலத்துல கரண்ட் மிச்சம் புடிக்க நம்ம நாட்டு நேரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சிருந்தாங்களே, மறந்துட்டீங்களா? பஞ்சாங்கம் இந்தியாவுல அடிச்சது. அரை மணியக் கழிக்கணும். இத எழுதுன ஆளு கழிக்கல."

அவர் அரை மணியைக் கழித்தார். நாலு ஐம்பது. அந்த நேரத்தில் துலாம் இன்னும் உதிக்கவில்லை, கன்னிதான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு தாளில் கட்டம் போட்டார். ஒரு கிரகமும் அசையவில்லை. 'ல' மட்டும் ஒரு கட்டம் பின்னால் போய்க் கீழ் வலது மூலையில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், எல்லாரும் வேறு வீட்டில் இருந்தார்கள்.

"எட்டுல செவ்வாய் இல்ல. ஒன்பதுல. சந்திரனுக்கு அஞ்சு, சுக்கிரனோட சேந்து நிக்குது, எங்கருந்து எண்ணுனாலும் தோசம் இல்ல" என்றார். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அந்த அம்மா, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"பாத்துட்டாப் போச்சு." ஜோசியர் என்னிடம் திரும்பினார். "குரு பத்துக்கு வந்துட்டாரு. பிள்ள டீச்சரா?"

"பாலர் பாடசாலை டீச்சர்."

"ஒன்பதுல செவ்வாய், சனி, ராகு. தகப்பனுக்குக் காரகன் சூரியன் எட்டுல போய் மறைஞ்சிட்டாரு. அப்பா இருக்காங்களா?"

அம்மாதான், "இல்லீங்க, தவறிட்டாரு" என்றாள்.

"அப்ப சரியா இருக்கு" என்று சொல்லி, தாளின் மேல் மஞ்சள் தடவினார்.

சரியாக இருக்கிறதாம். அப்பா செத்ததால் கணக்குச் சரி. அந்த அம்மா முதல் தடவையாக என் அம்மாவை "சம்மந்தி" என்று கூப்பிட்டார். கீழே இறங்கி முஸ்லிம் கடையில் வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் அம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்து, கடந்த மூன்று வீட்டாரையும் முறைவைத்துத் திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் திட்டுவது நின்றது. வெளியே பார்த்தபடியே, "அந்தச் செவ்வாய் எட்டுலயே இருந்திருந்தா உங்கப்பா இருந்திருப்பாருல்ல" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. கணக்கைத்தான் சொன்னாள். நான் "ம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். "அந்தப் பழைய கொப்பிய அடுப்புல போட்டுடு. பொய்யி அது. யார் கண்ணுலயாவது பட்டா வம்பு."

போட்டுவிட்டேன் என்று சொன்னேன். போடவில்லை. கல்யாணத்துக்குக் கட்டி வைத்திருக்கும் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதில் நான் தாலி அறுப்பவள்தான். ஆனால் ஒன்பதில் குரு இருக்கிறார், அப்பாவுக்கு நூறு வயது.