இருபத்திரண்டு கிலோக் குழந்தை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று திருப்பூரில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். ஜாஸ்திதான். இல்லையென்று நான் எப்போதும் சொன்னதில்லை. அந்த வாயை மூடிக்கொள்ளாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அன்றைக்கு முதல் தப்பைச் செய்தவளும் நான்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சிரமப்பட வேண்டாம்.

எங்களுடையது குழந்தைகளுக்கான சின்ன ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர். பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிறு லீவு என்பதால் வாரம் முழுக்கச் சேர்ந்த காய்ச்சலும் சளியும் அன்றைக்குத்தான் எங்கள் வாசலுக்கு வரும். குழந்தைகளை எடை பார்க்க ஒரு வெளிநாட்டு மிஷின் இருந்தது. டாக்டரின் சொந்தக்காரர் ஒருவர், பனியன் ஏற்றுமதி செய்பவர், அமெரிக்கா போய்வந்தபோது வாங்கி வந்தது. தொட்டில் மாதிரித் தட்டு, பளிச்சென்று எண் காட்டும் கண்ணாடி. டாக்டருக்கு அதில் அவ்வளவு பெருமை.

அன்று காலை மிஷினில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. புது பேட்டரி போட்டேன். போட்டதும் உயிர் வந்தது. உயிர் வந்த மிஷின் தான் பிறந்த ஊர் வழக்கத்துக்குப் போய்விட்டது, அதாவது கிலோவில் இல்லாமல், கிலோவில் பாதிகூட வராத பவுண்டில் காட்ட ஆரம்பித்துவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு இரண்டு ஆங்கில எழுத்துகள் மாறியிருந்தன. கையில் அழுகிற குழந்தை, பின்னால் நாற்பது பேர். நான் எண்ணை மட்டும் பார்த்தேன், எண்ணை மட்டும் எழுதினேன். கிலோ என்றுகூட எழுதவில்லை. எழுதித்தான் பழக்கமே இல்லையே.

பதினொரு மணிக்கு ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், பால் குடித்தால் வாந்தி. எடை 22 என்று எழுதினேன். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித் தொற்று என்று வந்தது. டாக்டர் படுக்கையில் சேர்க்கச் சொல்லி, அமிகாசின் ஊசி மருந்தைத் தினம் ஒருவேளை டிரிப்பில் கலந்து ஏற்றும்படி எழுதினார். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். இருபத்திரண்டைப் பதினைந்தால் பெருக்கி 330 மில்லிகிராம் என்று போட்டிருந்தார். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவர் குழந்தையைப் பார்த்தார், சீட்டிலிருந்த எண்ணையும் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கும் நேரமில்லை.

மருந்து பாட்டில் ஒன்றில் 250 மில்லிகிராம் இருக்கும். முதல் பாட்டிலை முழுதாக உறிஞ்சிவிட்டு இரண்டாவதற்குக் கை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை வயதுக்கு இரண்டு பாட்டில் நான் திறந்ததே இல்லை. அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கிற மருந்து அது. காது போனால் போனதுதான், திரும்பி வராது.

குழந்தையின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். துணி குடோனில் ரோல்களை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுகிற வேலை. பாப்பா எடை இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறது, சரிதானா என்று கேட்டேன். அந்தக் கவலையிலும் அவள் சிரித்துவிட்டாள்.

"இருவத்திரெண்டு கிலோவா? குடோன்ல ஒரு ரோலே அம்புட்டுத்தான் சிஸ்டர். அதத் தூக்க ரெண்டு பேரு வேணும். இவள நான் ஒத்தக் கையில இடுக்கிக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்தேன்."

சிரிஞ்சை மூடி வைத்துவிட்டு நேரே டாக்டரின் அறைக்குப் போனேன். உள்ளே இரண்டு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. எடை தப்பாக இருக்கும் போலிருக்கிறது என்றேன். எழுதினது நீதானே, போய் ஊசியைப் போடு, இருக்கிற கூட்டம் போதாதா என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நர்ஸ் வந்து கணக்குச் சொன்னால் அவர் முகம் சுருங்கும்.

"இல்லீங்க சார். மறுபடி எடை பாக்காம இந்த ஊசிய நான் போட மாட்டேனுங்க" என்றேன்.

அவர் பதில் சொல்லும்வரை நான் நிற்கவில்லை. பெரியவர்கள் ஏறும் பழைய முள் தராசைக் கூடத்துக்கு இழுத்து வந்து, அம்மாவைக் குழந்தையோடு ஏற்றினேன். ஐம்பத்தெட்டு. குழந்தையை நான் வாங்கிக்கொண்டு அவளை மட்டும் ஏற்றினேன். நாற்பத்தெட்டு. குழந்தை பத்துக் கிலோ. போட வேண்டிய மருந்து 150 மில்லிகிராம், ஒரே பாட்டிலில் பாதிக்குச் சற்று அதிகம். நான் ஏற்றவிருந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு அந்தப் பெருமைக்குரிய மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதிகபட்சம் இருபது கிலோ என்று அடியிலேயே அச்சடித்திருந்தது. அது இருபத்திரண்டு கிலோவைக் காட்டவே முடியாது. பக்கத்தில் கிலோவையும் பவுண்டையும் மாற்றுகிற பொத்தான் அப்பாவியாக இருந்தது.

டாக்டர் பார்த்தார். அளவைத் திருத்தி எழுதினார். நானே கலந்து அரை மணி நேரம் பக்கத்தில் இருந்து ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டு, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடுமாம்.

கிழிக்கவில்லை. 22-ன் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் 10 கிலோ என்று எழுதி, நேரத்தோடு என் கையெழுத்தைப் போட்டேன். தப்பு என்னுடையது. செய்ததற்கு வெட்கப்பட்டேன், இன்றும் படுகிறேன். மறைப்பதற்கு மட்டும் நான் ஆளில்லை.

காலையிலிருந்து அதே மிஷினில் ஏறிய மற்ற குழந்தைகள் ஏழு பேர்; வளர்ந்த பிள்ளைகளை எல்லாம் முள் தராசில்தான் ஏற்றியிருந்தோம். அவர்களையும் கூப்பிட வேண்டும் என்றேன். நாமாகவே ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்களில் யாருக்கும் ஊசி போடவில்லை, எல்லாம் வாய்வழி மருந்துதான். பாதிப் பேர் கொடுத்திருந்தது வாடகை ஊட்டுக்காரர் நம்பர்; அவர்கள் போய்க் கூப்பிட்டுக் கொடுக்கும்வரை காத்திருந்தேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு எட்டுக் கிலோக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஐந்து மில்லி தர வேண்டிய இடத்தில் பதினொன்று என்று சீட்டு. ஒரு வேளை கொடுத்திருந்தார்கள், இரண்டாவது வேளைக்கு மூடியில் ஊற்றிக் கையில் வைத்திருந்தார்கள். கீழே கொட்டுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஏழு பேரும் சாயங்காலத்துக்குள் வந்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். டாக்டர் ஒவ்வொரு சீட்டையும் தன் கையாலேயே திருத்தினார்.

மறுநாள் என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வேறு யார் வருவார்கள்?

ஐந்தாம் நாள் அந்தப் பெண் குழந்தை தேறிவிட்டது. பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்த மிஷினில் மறுபடி எடை பார்க்க உட்கார வைத்தேன். அம்மா கையிலிருந்து இறக்கும்போதே சொன்னாள், பத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். மிஷின் 9.8 என்றது. நான் கிலோ என்று சேர்த்து எழுதினேன்.

எடை நின்றதும் மிஷின் வழக்கம்போல மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. குழந்தை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.